ஸ்பேம் அழைப்புகளை அடக்குவது எப்படி, டெலிவரிக்காரரையும் பேங்கையும் தவறவிடாமல்

ஒரு நாளைக்கு நாலு முறை "சார், பர்சனல் லோன் வேணுமா" என்று ஒரு குரல் கேட்டால், யாருக்குமே முதலில் தோன்றுவது ஒன்றுதான்: கான்டாக்டில் இல்லாத எந்த நம்பரும் ஒலிக்கக் கூடாது, அவ்வளவுதான். போனிலும் அதற்கு வழி இருக்கிறது, போட்டதும் வீடு அமைதியாகிவிடும். ஆனால் அடுத்த நாளே "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று பார்சல் திரும்பிப் போய்விட்டதாக மெசேஜ் வரும். அதனால் செட்டிங்கில் கை வைக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எந்த அழைப்பைத் தவறவிட்டால் நிஜமாகவே நஷ்டம்?

டெலிவரி அழைப்பைத் தவறவிட்டால் நஷ்டம் உடனே தெரியும், ஏனென்றால் அவர் தெருமுனையில் நின்றுகொண்டு கூப்பிடுகிறார், இன்னும் சில நிமிடங்களில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். பேங்க் அழைப்பு அப்படி இல்லை. அதை எடுக்காவிட்டாலும், கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளலாம், சொல்லப்போனால் அதுதான் பாதுகாப்பும்கூட. ஆக, போனை டெலிவரிக்காரருக்காகத் திறந்து வைக்க வேண்டும், பேங்குக்காக அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் இப்போதைய நிலவரத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், போனுக்குள்ளேயே இருக்கும் ஸ்பேம் ஃபில்டர் எப்படி முடிவெடுக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் பேசுவதைக் கேட்டு அது முடிவெடுப்பதில்லை, பெரும்பாலும் அந்த நம்பரின் வரலாற்றைப் பார்க்கிறது. எத்தனை பேர் அந்த நம்பரை ஸ்பேம் என்று புகார் செய்திருக்கிறார்கள் என்பது அதில் முக்கியமானது. நெட்வொர்க் கம்பெனிகளின் பக்கம் இன்னும் கொஞ்சம் தெரியும்: ஒரே நம்பரிலிருந்து எவ்வளவு அழைப்புகள் போகின்றன, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நீடிக்கின்றன என்பதெல்லாம். ஏர்டெல் 2024 செப்டம்பரில் நெட்வொர்க்கிலேயே இப்படிக் கண்டுபிடித்து, போன் ஒலிக்கும்போதே சந்தேக ஸ்பேம் என்று திரையில் காட்டத் தொடங்கியது. அது எச்சரிக்கை மட்டும்தான், அழைப்பு ஒலிக்கத்தான் செய்யும்.

இதிலிருந்தே இரண்டு விஷயம் புரிந்துவிடும். ஒன்று, வந்த ஒவ்வொரு நம்பரையும் உட்கார்ந்து பிளாக் செய்வதால் பெரிய பயன் இல்லை. மோசடிக்காரர்கள் நம்பரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நேற்று பிளாக் செய்த நம்பரிலிருந்து இன்று யாரும் கூப்பிடப் போவதில்லை. இன்னொன்று, நிறைய பேருக்குக் கூப்பிட்டு அரை நிமிடத்தில் வைத்துவிடுகிற எந்த நம்பரும் ஸ்பேம் போலத் தோன்ற வாய்ப்பிருக்கிறது, கூரியர்காரரும் கேஸ் ஏஜென்சியும் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறார்கள்! எரிச்சலில் நாலு பேர் அதையும் புகார் செய்துவிட்டால் முடிந்தது.

சரி, செட்டிங்குக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் கூகுளின் போன் ஆப் இருந்தால், ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Settings போய், Caller ID & spam என்பதைத் திறங்கள். (ஆப்பின் புதிய பதிப்புகளில் இந்தப் பெயர்களும் இடங்களும் கொஞ்சம் மாறியிருக்கலாம்.) அதில் ஒரு பட்டன், யார் கூப்பிடுகிறார்கள், ஸ்பேமா என்று காட்டுவதற்கு. இன்னொன்று Filter spam calls. முதலாவதை மட்டும் போட்டால் போன் ஒலிக்கும், திரையில் எச்சரிக்கை வரும், எடுப்பதும் விடுவதும் உங்கள் பாடு. இரண்டாவதையும் போட்டால் சந்தேக அழைப்புக்குப் போன் ஒலிக்கவே ஒலிக்காது, மிஸ்டு கால் அறிவிப்பும் வராது, ஆனால் கால் ஹிஸ்டரியில் பதிவாகி இருக்கும். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஃபில்டர் தவறாக ஒரு நல்ல அழைப்பை விழுங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்த ஹிஸ்டரியைத் திறந்து பார்ப்பதுதான். அங்கே தெரிந்த நம்பர் மாட்டியிருந்தால் அதை ஸ்பேம் இல்லை என்று குறித்துவிடலாம், கான்டாக்டில் சேமித்துவிட்டால் இன்னும் நல்லது.

அதே ஆப்பில் Blocked numbers என்ற இடத்தில் Unknown என்றும் ஒரு பட்டன் உண்டு. பெயரைப் பார்த்ததும் இது கான்டாக்டில் இல்லாத எல்லாரையும் தடுத்துவிடும் என்று நினைத்து, பயந்து தொடாமல் விடுகிறவர்களும் உண்டு, ஆசையாகப் போட்டுவிட்டு ஏன் லோன்காரர் இன்னும் கூப்பிடுகிறார் என்று குழம்புகிறவர்களும் உண்டு. அது தடுப்பது நம்பரையே மறைத்துக்கொண்டு வரும் அழைப்புகளை, அதாவது திரையில் எண்ணுக்குப் பதிலாக Private அல்லது Unknown என்று வருமே, அவற்றை மட்டும். டெலிவரிக்காரரின் நம்பர் திரையில் தெரியும் என்பதால் அவர் இதில் மாட்டமாட்டார். தாராளமாகப் போட்டுவையுங்கள்.

சாம்சங்கின் சொந்த போன் ஆப்பில் Caller ID and spam protection என்று இருக்கும். அதற்குள் தடுப்பதற்கு இரண்டு அளவு கிடைக்கும், எல்லா ஸ்பேமையும் தடு என்பது ஒன்று, ஆபத்தான மோசடி அழைப்புகளை மட்டும் தடு என்பது மற்றொன்று. டெலிவரி அதிகம் வரும் வீடாக இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்வேன். விளம்பரக்காரர் ஒலித்துத் தொலைக்கட்டும், பார்சல் போவதைவிட அது பரவாயில்லை.

ஐபோன்தான் இங்கே கொஞ்சம் வம்பு. அதில் பல வருடங்களாக இருக்கும் Silence Unknown Callers கான்டாக்டில் இல்லாதவர்கள், நீங்கள் சமீபத்தில் கூப்பிடாதவர்கள் என எல்லாரையும் சத்தமில்லாமல் ஆக்கிவிடும், ஸ்பேமா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. iOS 26-ல் இது Screen Unknown Callers என்று மாறி, மூன்று நிலை வந்திருக்கிறது: Never போட்டால் எல்லாம் ஒலிக்கும், Silence போட்டால் பழைய கதை, Ask Reason for Calling போட்டால் போனே அழைப்பவரிடம் பெயரையும் காரணத்தையும் கேட்டு, அவர் சொன்னதைத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு ஒலிக்கும். கடைசியாகச் சொன்னது கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் பைக்கில் ஒரு காலை ஊன்றி நிற்கிறவர் ஒரு இயந்திரக் குரலுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வாரா என்று யோசித்துப் பாருங்கள், பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். பார்சல் எதிர்பார்க்கும் நாளில் Never-க்கு மாற்றிவிட்டு, வந்து சேர்ந்த பிறகு திரும்பப் போடுவதுதான் எனக்குத் தெரிந்து ஒழுங்காக நடக்கிற வழி. இந்தப் பட்டனில் ஒரு சலுகையும் இருக்கிறது: நீங்கள் ஒருவருக்குக் கூப்பிட்டுவிட்டால் அந்த நம்பர் தெரிந்த நம்பராகிவிடும். ஆக, மெசேஜில் கூரியர்காரரின் நம்பர் வந்திருந்தால் நீங்களே முதலில் ஒரு முறை கூப்பிட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் பலரும் கேட்பது, டெலிவரிக்காரரின் நம்பரைச் சேமித்துவைத்தால் போதாதா என்று. பால்காரருக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் போதும். ஆப் வழியாக வரும் சாப்பாட்டுக்கும் பார்சலுக்கும் போதாது. அந்த ஆப்கள் பலவும் டெலிவரிக்காரருக்கு உங்கள் நம்பரைக் காட்டுவதில்லை, உங்களுக்கும் அவர் நம்பரைக் காட்டுவதில்லை. நடுவில் ஒரு பொது நம்பரை வைத்து இருவரையும் இணைக்கிறார்கள். அந்தப் பொது நம்பர்கள் ஒரு கூட்டமாக இருக்கும், இன்று உங்களுக்கு ஒரு நம்பரில் வந்த அழைப்பு நாளை இன்னொன்றில் வரும், இன்றைய நம்பர் நாளை வேறொரு டெலிவரிக்காரரின் அழைப்புக்குப் பயன்படும். அதனால் சேமித்துப் பயனில்லை. அதைவிட முக்கியம், கோபத்தில் பிளாக் செய்யக் கூடாது. 080, 022 என்று ஆரம்பிக்கிற ஏதோ லேண்ட்லைன் நம்பர் தொல்லை கொடுக்கிறது என்று தடுத்துவிட்டால், அடுத்த மாதம் உங்கள் இட்லி அதே நம்பரில் வந்து மோதி நிற்கும். (கூரியர் ஆட்களும் தபால்காரர்களும் பெரும்பாலும் சொந்த மொபைலிலிருந்தே கூப்பிடுவார்கள், அது வேறு.)

இரவு நேரத்துக்கு மட்டும் கதவை இறுக்கிச் சாத்திக்கொள்ளலாம், நடு ராத்திரியில் எந்தப் பார்சலும் வரப் போவதில்லை. Do Not Disturb-ஐ இரவு 10 முதல் காலை 6 வரை தானாக இயங்கும்படி வைத்து, அழைப்புகளில் கான்டாக்டில் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கூடவே, திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறவரை அனுமதிக்கும் பட்டனையும் போடுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரே நம்பரிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் ஒலிக்கும், ஐபோனில் அது 3 நிமிடம். ஆஸ்பத்திரியிலிருந்தோ தெரியாத யாரோ ஒருவரின் போனிலிருந்தோ வீட்டு ஆள் கூப்பிட்டால் இது காப்பாற்றும்.

அடுத்து பேங்க். இங்கே போனின் ஃபில்டரைவிட நம்பரின் முதல் சில இலக்கங்கள்தான் உதவும். இந்தியாவில் விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் பத்து இலக்க எண்களையும், பேங்க், இன்சூரன்ஸ் போன்றவை தங்கள் வாடிக்கையாளருக்குச் சேவைக்காகக் கூப்பிடுவதற்கு 1600 என்று தொடங்கும் எண்களையும் ஒதுக்கியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ரிசர்வ் பேங்க் இந்தப் பிரிவினையைப் பின்பற்றச் சொன்னது, அதன் பிறகு தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் ஒவ்வொரு வகை நிறுவனத்துக்கும் கெடு வைத்தது, வணிக வங்கிகளுக்கு அது 2026 ஜனவரி 1. ஆகவே 98 என்றோ 73 என்றோ ஆரம்பிக்கிற சாதாரண மொபைல் நம்பரிலிருந்து "பேங்க்லேருந்து பேசறோம், உங்க கேஒய்சி முடியப் போகுது" என்றால், அங்கேயே சந்தேகப்பட்டு வைத்துவிடலாம்.

ஆனால் 1600-ல் வந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது. திரையில் தெரியும் எண் ஒரு அடையாளம்தான், சான்றிதழ் இல்லை. ஓடிபி, பின், கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கம் இவற்றில் ஒன்றைக் கேட்டாலும், எந்த எண்ணாக இருந்தாலும் வைத்துவிட்டு, கார்டைத் திருப்பிப் பார்த்து நீங்களே கூப்பிடுங்கள். நிஜமாகவே உங்கள் கார்டில் யாரோ விளையாடியிருந்தால் எஸ்எம்எஸும் வந்திருக்கும். 2025 மே முதல் அந்த எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு எழுத்து சேர்ந்திருக்கிறது: P என்றால் விளம்பரம், S சேவை, T பரிவர்த்தனை, G அரசு. பேங்க் பெயரில் வந்த அவசர மெசேஜில் கடைசி எழுத்து P ஆக இருந்தால் அவசரமே இல்லை.

இதையெல்லாம் சேர்த்துப் போட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் சித்தப்பாவின் போனையே எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் இருக்கிறார், ரிட்டையர் ஆனவர், கூகுள் போன் ஆப் உள்ள சாதாரண ஆண்ட்ராய்டு. லோன்காரர்களின் தொல்லை தாங்காமல் யாரோ சொல்லிக் கொடுத்து Do Not Disturb-ஐ நாள் முழுக்கப் போட்டு, கான்டாக்ட் மட்டும் என்று வைத்திருந்தார். புது டெபிட் கார்டு கூரியரில் வந்து, ஆள் கூப்பிட்டுப் பார்த்து எடுக்கவில்லை என்று திரும்பிப் போயிற்று. அவரோ பேங்கைத் திட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் Do Not Disturb-ஐ இரவுக்கு மட்டும் ஒதுக்கி, திரும்பக் கூப்பிடுகிறவருக்கு அனுமதி கொடுத்தோம். அப்புறம் Filter spam calls போட்டோம். பிறகு பிளாக் செய்த நம்பர்களின் பட்டியலைத் திறந்தால் நீளமாகப் போகிறது, அதில் 140 என்று தொடங்குபவற்றையும் சும்மா வந்த மொபைல் நம்பர்களையும் அப்படியே விட்டோம், 080-ல் தொடங்கிய லேண்ட்லைன் நம்பர்களை மட்டும் விடுவித்தோம், அவர் வாரம் இருமுறை சாப்பாடு வரவழைக்கிற ஆள். ஆப்பில் முகவரிக்குக் கீழே "வாட்ச்மேனிடம் கொடுக்கவும்" என்று குறிப்பும் எழுதிவைத்தோம், அப்படி எழுதிவிட்டால் பாதி அழைப்புக்குத் தேவையே இல்லாமல் போகிறது. கடைசியாக ஒரு வேலையை மட்டும் அவரிடம் விட்டேன்: ஒரு வாரத்துக்கு இரவு சாப்பிட்ட பிறகு கால் ஹிஸ்டரியைப் பார்த்து, ஒலிக்காமல் போனவற்றில் தெரிந்தது ஏதாவது இருக்கிறதா என்று சொல்லச் சொன்னேன்.

ஒன்று மாட்டியது, கேஸ் ஏஜென்சியின் நம்பர். சிலிண்டர் வருகிறது என்று எத்தனையோ வீடுகளுக்கு ஒரே நாளில் கூப்பிடுகிறவர்கள், யாராரோ ஸ்பேம் என்று குறித்திருக்கிறார்கள். கான்டாக்டில் சேமித்ததும் சரியாகிவிட்டது. கார்டு மறுபடி வந்தபோது கூரியர்காரரின் சொந்த மொபைலிலிருந்து அழைப்பு வந்தது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒலித்தது. லோன் அழைப்புகள் அடியோடு நிற்கவில்லை, புத்தம் புது நம்பரிலிருந்து வருபவை ஃபில்டரைத் தாண்டி வரத்தான் செய்கின்றன, அந்த நம்பருக்கு இன்னும் வரலாறே இல்லையே. அவற்றை எடுத்து, முதல் வாக்கியத்திலேயே வைத்துவிட்டு, ஸ்பேம் என்று குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வெறுமனே குறிப்பதோடு நிறுத்தாமல் புகாரும் கொடுக்கலாம். 1909-க்குக் கூப்பிட்டோ டிராயின் DND ஆப் வழியாகவோ முதலில் உங்கள் நம்பரை விளம்பரம் வேண்டாம் என்று பதிவுசெய்யுங்கள். 1909-க்கு இப்படி எஸ்எம்எஸ் அனுப்பினாலும் ஆகும்:

```
START 0
```

இது விளம்பரங்களை மட்டும் நிறுத்தும், பேங்கின் சேவை அழைப்பும் பரிவர்த்தனை எஸ்எம்எஸும் வந்துகொண்டேதான் இருக்கும், பயப்பட வேண்டாம். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் மட்டும்தான் நிறுத்துவார்கள் என்பது உண்மை. மற்றவர்களுக்குத்தான் புகார். அழைப்பு வந்த 7 நாளுக்குள் கொடுக்கலாம், 2025 பிப்ரவரியில் மாற்றிய விதிப்படி பதிவுபெறாத ஒரு ஆள்மீது 10 நாளில் 5 புகார் சேர்ந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆக, உங்கள் ஒரு புகார் ஐந்தில் ஒரு பங்கு.

டெலிவரிக்காகக் கதவைத் திறந்து வைக்கிறோமே, அதே வழியாக நுழைகிற மோசடி ஒன்று உண்டு. "கூரியர்லேருந்து பேசறேன், அட்ரஸ் சரியா இல்ல, டெலிவரி பையனோட பேச இந்த நம்பரை டயல் பண்ணுங்க" என்று ஒரு குறியீட்டைச் சொல்வார்கள், அது `*401*` என்றோ `**21*` என்றோ தொடங்கி, பின்னால் ஒரு பத்து இலக்க மொபைல் எண் இருக்கும். டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குத் திருப்பப்படும், ஓடிபியைக் குரலில் சொல்லும் அழைப்புகூட அங்கேதான் போகும். இந்த வகைத் திருப்பலை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது, இருந்தாலும் யார் சொன்னாலும் நட்சத்திரக் குறியில் தொடங்கும் எதையும் டயல் செய்யாதீர்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே டயல் செய்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அல்லது திடீரென்று ஒரு நாளாக ஒரு அழைப்புமே வரவில்லை என்றால், திருப்பல் எல்லாவற்றையும் ரத்து செய்ய இதை டயல் செய்யலாம்:

```
##002#
```

பணமும் போயிருந்தால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும். நிஜமான டெலிவரி ஓடிபி எப்போது சொல்ல வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான்: பார்சல் கையில் வரும்போது, வாசலில், ஆளைப் பார்த்து. போனில் முன்கூட்டியே கேட்டால் அது டெலிவரி ஓடிபியாக இல்லாமல், உங்கள் பேங்க் அனுப்பியதாக இருக்கலாம். மெசேஜை முழுசாகப் படித்தாலே எதற்கான ஓடிபி என்று அதில் எழுதியிருக்கும்.

இவ்வளவும் சாதாரண அழைப்புக்கு மட்டும். வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பை போனின் ஃபில்டர் பார்ப்பதே இல்லை, போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து மிரட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். அங்கே Settings, Privacy, Calls என்று போய் Silence unknown callers போட்டுவிடுங்கள். இங்கே நான் இரக்கமே பார்ப்பதில்லை, டெலிவரிக்காரரும் பேங்கும் தெரியாத வாட்ஸ்அப் நம்பரிலிருந்து குரல் அழைப்பு செய்து நான் பார்த்ததில்லை. அப்படியே யாராவது தெரிந்தவர் புது நம்பரிலிருந்து கூப்பிட்டிருந்தாலும், ஒலிக்காமல் போன அழைப்பு வாட்ஸ்அப்பின் அழைப்புப் பட்டியலில் இருக்கும், பார்த்துவிட்டு நீங்களே திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.